யார் சொன்னது, யாருடைய கருத்து?

தாளில் எட்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். கட்டங்களின் தலையில் மூன்று பெயர்கள். அறையில் ஒரு வானொலி விவாதம் ஒலிக்கிறது. நெறியாளர் ஒருவர், விருந்தினர் இருவர். அந்த எட்டில் எது யாருடைய வாக்கியம் என்று பார்த்துக் குறியிட வேண்டும். ஜெர்மன் மொழிக்கான கோதே பி1 தேர்வில், கேட்டல் பகுதியின் கடைசிப் பயிற்சி இது. 'வேர் ஸாக்ட் வாஸ்?' என்று கேட்பார்கள். யார் என்ன சொல்கிறார்?

ஜெர்மனிக்குச் செவிலியராகவோ தொழிற்பயிற்சி மாணவராகவோ போக நினைக்கும் தமிழ் இளைஞர்கள் இன்று நிறைய. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோதே இன்ஸ்டிடியூட்டை, அதாவது நம்மூர்க்காரர்கள் மேக்ஸ் முல்லர் பவன் என்று சொல்லும் இடத்தை, அவர்களில் பலருக்குத் தெரியும். இந்தத் தேர்வில் எழுதவும் பேசவும் பயப்படுகிறவர்கள் கேட்டலை அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல இதுவும் ஏதோ கட்டத்தில் குறியிடுகிற வேலைதானே என்று இருந்துவிடுகிறார்கள். கடைசிப் பயிற்சியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். கேட்டல் பகுதியில் மொத்தம் 30 கேள்விகள். அவற்றில் 8 இந்த விவாதத்துக்கு உரியவை. 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. 30-இல் 18 சரியாக இருந்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். விவாதம் தொடங்கும் முன் வாக்கியங்களைப் படிக்க 60 விநாடி தருவார்கள். விவாதத்தை இரண்டு முறை கேட்கலாம். இவ்வளவு சலுகை இருந்தும் பலர் இங்கே மதிப்பெண்ணை இழப்பதற்குச் சொல்வளம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தும் தவறாகக் குறியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் சிக்கல் காதில் இருக்கிறது. தாய்மொழியில் பேசும் குரல்களைப் பிரித்தறிவது எளிது. தெரியாத மொழியில் பேசும் குரல்களைப் பிரித்தறிவது கடினம். குரல் ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சோதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார் என்பதையெல்லாம் வைத்துத்தான் நாம் ஆளை அடையாளம் காண்கிறோம். மொழி பழகாதபோது அந்தச் சிறு வேறுபாடுகள் நம் காதில் பதிவதில்லை. தமிழில் மூன்று பேர் பேசினால் மதுரைக்காரர் யார், நாஞ்சில்நாட்டுக்காரர் யார் என்றுகூடச் சொல்லிவிடுவோம். ஜெர்மனில் மூன்று பேர் பேசினால் ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் கேட்கும். மூன்றாவது குரல் அவ்விரண்டில் ஒன்றோடு கலந்துவிடும்.

இந்தத் தேர்வை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி 2013-இல் அறிமுகப்படுத்தின. அதனால் மூன்று நாட்டு உச்சரிப்பும் ஒலிப்பதிவில் வரலாம். நேரில் பேசும்போது குரல் வரும் திசையும் முகமும் உதவும். தேர்வு அறையில் மூன்று குரல்களும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வருகின்றன. திசை எவ்வளவு உதவுகிறது என்பதை இங்கிலாந்தின் காலின் செர்ரி 1953-இலேயே காட்டினார். ஒரே ஆள் வாசித்த இரண்டு செய்திகளைக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தபோது கேட்டவர்கள் திணறினார்கள். ஒரு காதுக்கு ஒன்று, மறு காதுக்கு மற்றொன்று என்று பிரித்துக் கொடுத்ததும் திணறல் போய்விட்டது.

ஆகவே விவாதத்தின் முதல் அரை நிமிடம் கருத்தைத் தேடுவதற்கானதல்ல. நெறியாளர் வணக்கம் சொல்லி விருந்தினர்களை அறிமுகப்படுத்தும் நேரம் அது. மூன்று குரல்கள், இரண்டு பால். எப்படியும் இரண்டு குரல்கள் ஒரே பாலாக அமையத்தான் செய்யும். குழப்பம் வருமென்றால் அந்த இரண்டு குரல்களுக்குள்தான் வரும். நெறியாளர் பெண், விருந்தினரில் ஒருவர் பெண் என்றால் அந்த இருவருக்கும் என்ன வேறுபாடு என்று மட்டும் கவனித்தால் போதும். ஒருவர் வேகம், ஒருவர் நிதானம். ஒருவர் குரல் கனம், ஒருவர் குரல் மெல்லிசு. அதைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்லாகக் குறித்துக்கொள்ளலாம். நெறியாளர் பேசி முடிக்கும்போது பெரும்பாலும் யாரையாவது பெயர் சொல்லி அழைப்பார். அந்தப் பெயர்தான் அடுத்த குரலுக்கு முகவரி.

இன்னொரு ஆய்வும் இங்கே பயன்படும். 1994-இல் அமெரிக்காவில் சிலரைப் பத்துப் பேருடைய குரல்களுக்குப் பல நாள் பழக்கினார்கள். பிறகு இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கச் செய்தார்கள். பழகிய குரல் சொன்ன சொற்கள் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தன. புதிய குரல் சொன்னவை அவ்வளவாகப் புரியவில்லை. ஆளைத் தெரிந்துகொண்டால் சொல்லும் தெளிவாகிறது. விவாதத்தை இரண்டாம் முறை கேட்கும்போது முதல் முறையைவிட அதிகம் புரிவதற்குப் பேச்சு மறுபடி வருவது மட்டும் காரணமில்லை, குரல்கள் பழகிவிட்டதும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் சிக்கல் குரலைத் தாண்டியது. என் கணக்கில் இதுதான் பெரியது. விவாதத்தில் ஒரு வாக்கியம் ஒருவர் வாயிலிருந்து வருவதாலேயே அது அவருடைய கருத்தாகிவிடாது. நம்மூர்ப் பட்டிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். பேச வருகிறவர் முதலில் எதிரணியின் வாதத்தை எடுத்துச் சொல்வார், சில சமயம் எதிரணியைவிட நன்றாகவே சொல்வார். பிறகு அதை உடைப்பார். மேடையில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியும் என்பதால் குழம்புவதில்லை. ஒலிப்பதிவில் பக்கங்கள் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் வலை விரிப்பது இங்கேதான்.

இதை ஓர் உதாரணத்தில் பார்த்துவிடலாம். தேர்வுத் தாளிலிருந்து எடுத்ததல்ல. அதே பாணியில் இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிய விவாதம். பெயர்களும் கற்பனை. ஆனால் பொருள் ஜெர்மனியில் உண்மையாகவே ஓயாத ஒன்று: ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா? அங்கே பெரும்பாலான கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வுநாள் என்று 1919-இன் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதிய விதி இன்றைய அரசியல் சட்டத்திலும் தொடர்கிறது. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் பேக்கரி போன்றவை விதிவிலக்கு. ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டும் ஊருக்கு ஊர் கடை திறக்க அனுமதி உண்டு. இந்தப் பின்னணி ஜெர்மன்காரர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாரம் ஏழு நாளும் கடை திறந்திருக்கும் ஊரிலிருந்து தேர்வு எழுதுகிறவருக்கு, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே முதலில் தோன்றும். அந்த வியப்பில் பத்து விநாடி போய்விடும்.

விவாதத்தில் மூன்று பேர். நெறியாளர் ஒரு பெண். கெல்லர் சிறு நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பெண். பிராண்ட் மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்யும் ஆண். தமிழில் கேட்போம்.

நெறியாளர்: "கெல்லர் மேடம், கடை வெச்சிருக்கிறவங்க ஞாயிறும் திறக்கணும்னுதானே ஆசைப்படுவாங்க?"

கெல்லர்: "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. பெரிய கடைக்காரங்களுக்கு அது சரியா இருக்கலாம். என்கிட்ட வேலை செய்யறது ரெண்டே பேரு. ஞாயிறு திறந்தா ஜனங்க கூடுதலா வாங்குவாங்கன்னு நான் நினைக்கல. சனிக்கிழமை வாங்கறத ஞாயித்துக்கிழமை வாங்குவாங்க, அவ்வளவுதான்."

பிராண்ட்: "சின்னக் கடைக்குச் சிரமம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் நிலைமையையும் பாருங்க. பாதி சனிக்கிழமை எனக்கு ட்யூட்டி. மத்த நாள்ல நான் வெளிய வர்றப்ப கடை மூடியிருக்கும்."

நெறியாளர்: "இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை சோபாவுல உக்காந்துக்கிட்டே ஆன்லைன்ல வாங்கறவங்க அதிகமாயிட்டாங்களே. உங்களுக்கு அது உதவலையா?"

பிராண்ட்: "வாங்கறேன். ஷூவைப் போட்டுப் பாக்காம வாங்கி, பாதியைத் திருப்பி அனுப்பறேன். ஞாயிறு குடும்பத்துக்கான நாள், அதைக் கெடுக்கக் கூடாதுன்னு கெல்லர் மேடம் சொல்வாங்க. எங்க வீட்ல நாலு பேரும் சேந்து கடைத்தெருவுக்குப் போக முடியற ஒரே நாள் ஞாயிறுதான்."

நெறியாளர்: "அப்ப வருஷத்துல சில ஞாயிறு மட்டும் திறக்கறது ரெண்டு பக்கத்துக்கும் ஒத்து வருமா?"

கெல்லர்: "அதுக்கு நான் ஒண்ணும் எதிர்ப்பு சொல்ல மாட்டேன். ஊர்ச் சந்தை அன்னைக்குத் திறந்தேன், நல்ல கூட்டம்."

பிராண்ட்: "எந்த ஞாயிறுன்னு காலண்டர்ல தேடறதுக்குள்ள அது போயிடும். எனக்கு அது பத்தாது."

இப்போது தாளில் உள்ள வாக்கியங்களில் ஐந்தை எடுத்துக்கொள்வோம். 'ஞாயிறு திறப்பதால் விற்பனை கூடாது.' 'வேலை நேரத்தால் கடைக்குப் போவது சிரமமாக இருக்கிறது.' 'ஞாயிறன்று இணையத்தில் வாங்கும் வழக்கம் பெருகியிருக்கிறது.' 'கடைக்குப் போவதும் குடும்பத்தோடு நேரம் செலவிடுவதுதான்.' 'ஆண்டில் சில நாள் மட்டும் திறப்பது ஏற்கத்தக்கது.'

இரண்டாவது வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிராண்ட். அவருடைய வேலை என்ன என்று அறிமுகத்தில் காதில் விழுந்திருந்தாலே பாதி விடை வந்துவிடும். ஆனால் வேலையை வைத்து விடையை ஊகிக்கும் இதே பழக்கம் முதல் வாக்கியத்தில் காலை வாரும். கடைக்காரர் என்றால் கடை திறக்கவே விரும்புவார் என்று முடிவுகட்டிவிட்டால், விற்பனை கூடாது என்பதை பிராண்ட் தலையில் கட்டிவிடுவோம். நெறியாளரின் முதல் கேள்வியே அந்த ஊகத்தைத்தான் நம் காதில் ஓதுகிறது.

அந்த முதல் வாக்கியத்தில் தமிழருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. 'ஜனங்க கூடுதலா வாங்குவாங்கன்னு நான் நினைக்கல' என்று நாம் சொல்லும்போது மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தமிழ்க் காது முடிவுக்குக் காத்திருந்தே பழகியது. ஜெர்மனில் கெல்லர் இதை 'இஷ் கிளௌபெ நிஷ்ட், டாஸ் டீ லொய்டெ டான் மேர் கௌஃபன்' என்பார். மறுப்பைக் குறிக்கும் 'நிஷ்ட்' மூன்றாவது சொல்லாகவே வந்து போய்விட்டது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 'மக்கள் கூடுதலாக வாங்குவார்கள்' என்ற நேர்க்கூற்று. தொடக்கத்தைக் கோட்டைவிட்டு முடிவைப் பிடித்தவர் காதில் கெல்லர் நேர் எதிராகப் பேசியதுபோலப் பதிந்துவிடும். ஜெர்மனில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நமக்கு வசதி என்று வகுப்புகளில் சொல்வார்கள். உண்மைதான், சார்பு வாக்கியங்களில் அந்த வசதி உண்டு. கருத்துச் சொல்லும் வாக்கியங்களில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. அங்கே முதல் மூன்று சொற்களைப் பிடிக்க வேண்டும். ஒருவர் வாய் திறந்ததும் முதல் மூச்சில் 'நிஷ்ட்' அல்லது 'காய்ன்' வந்ததா என்பதைத் தனியாகக் கவனித்துப் பழகுவது ஒரு வாரத்தில் கைவரும் வேலை.

மூன்றாம் வாக்கியம் நெறியாளருடையது. இதைப் பலர் தவறவிடுவதற்கு ஒரே காரணம், நெறியாளர் கேள்வி கேட்கத்தானே இருக்கிறார் என்ற நினைப்பு. இந்தத் தேர்வில் நெறியாளருக்கும் ஒரு கட்டம் உண்டு, அதில் குறி விழவும் செய்யும். நெறியாளர் தன் கருத்து என்று பெரும்பாலும் எதையும் சொல்ல மாட்டார். 'இப்போதெல்லாம் இப்படி ஆகிவிட்டது', 'நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள்' என்று ஊர் நிலவரத்தைச் சொல்லி, அதன் வாலில் ஒரு கேள்வியைக் கட்டி விருந்தினர் பக்கம் தள்ளுவார். கேள்விக்கு முன்னால் வந்த அந்தத் தகவல் அவர் பொறுப்பில் சொன்னது. தாளில் 'நான்' என்ற தொனி இல்லாத, பொது நிலவரம் சொல்லும் வாக்கியம் இருந்தால் நெறியாளரை முதலில் சந்தேகிக்கலாம். ஆனால் அதே நெறியாளர் கேள்வியாகவே எழுப்பும் ஒன்று அவருடையது ஆகாது. 'சில ஞாயிறு மட்டும் திறந்தால் ஒத்து வருமா?' என்றது யோசனையை முன்வைத்ததுதான், ஏற்றுக்கொண்டதல்ல.

இப்போது நான்காவது வாக்கியம். குடும்பம் என்ற சொல்லும் கெல்லர் என்ற பெயரும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டையும் பிடித்த கை உடனே கெல்லர் கட்டத்துக்குப் போகும். ஆனால் கெல்லர் இந்த விவாதத்தில் குடும்பம் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை! அவர் அப்படிச் சொல்வார் என்று பிராண்ட்தான் சொல்கிறார், சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கதையால் அதைத் திருப்புகிறார். வாக்கியத்தின் உடைமையாளர் பிராண்ட். இந்த இடத்தில் காது சரியாகத்தான் வேலை செய்தது. ஒருவர் மற்றவர் பெயரைச் சொல்லி அவர் கருத்தை எடுத்துரைக்கத் தொடங்கினால், அடுத்து வரும் வாக்கியம் வரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். குறியிட வேண்டியது அந்த அடுத்த வாக்கியத்துக்குத்தான்.

ஒத்துக்கொண்டு மறுப்பதும் இதே இனம். பிராண்ட் 'சின்னக் கடைக்குச் சிரமம்தான், ஒத்துக்கறேன். ஆனா' என்கிறாரே, அந்த இடம். ஜெர்மன்காரர்கள் விவாதத்தில் மிக நாகரிகமாக இதைச் செய்வார்கள். 'டா ஹாபன் ஸீ ரெஷ்ட்', நீங்கள் சொல்வது சரி என்பார்கள். ஒரு 'ஆபர்' வரும். பிறகு தங்கள் பக்கம். 'ட்ஸ்வார்' என்று தொடங்கினாலே போதும், 'ஆபர்' எங்கேயோ பின்னால் காத்திருக்கிறது என்று அர்த்தம். ட்ஸ்வாருக்கும் ஆபருக்கும் நடுவில் இருப்பது பேசுகிறவர் மரியாதைக்குக் கொடுத்தது. ஆபருக்குப் பின்னால் வருவதே அவர் வாதம். தாளில் உள்ள வாக்கியம் இந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்ததுபோலத் தோன்றினால், அதே கருத்தை இன்னொருவர் அழுத்தமாக வேறெங்கோ சொல்லியிருக்கிறாரா என்று தேடுவது நல்லது.

ஐந்தாவது வாக்கியத்துக்கு மூன்று பேரும் போட்டி போடுகிறார்கள். யோசனையை வாய்விட்டுச் சொன்னவர் நெறியாளர். கடை திறக்க வேண்டும் என்று முதலிலிருந்து கேட்பவர் பிராண்ட். விடையோ கெல்லர், இவ்வளவு நேரம் வேண்டாம் என்று பேசியவர்! 'எதிர்ப்பு சொல்ல மாட்டேன்' என்பது இரட்டை மறுப்பு. கேட்பதற்கு எதிர்ப்புபோலவே இருக்கும், பொருள் இசைவு. பிராண்டுக்கோ அது போதாது. ஆள் எந்தப் பக்கம் என்று முதலிலேயே தீர்மானித்து, எட்டு வாக்கியத்தையும் அந்தப் பக்கத்துக்கேற்பப் பிரித்து அடுக்குகிறவர்கள் இங்கே தோற்பார்கள். ஒருவர் ஒரு பக்கம் என்ற ஒழுங்கு பட்டிமன்றத்தில் இருக்கும், வானொலி விவாதத்தில் இருக்காது. ஆளுக்கு இத்தனை என்று சமமாகப் பங்கிட்டுப் பார்ப்பதும் பயனற்றது. எட்டை மூன்றால் வகுத்தால் மீதி வருமே!

இவ்வளவையும் ஓடுகிற பேச்சில் செய்ய வேண்டும் என்பதால், தொடங்கும் முன் கிடைக்கும் 60 விநாடியை எப்படிச் செலவழிப்பது என்பது முக்கியம். எட்டு வாக்கியத்துக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏழரை விநாடி. மொழிபெயர்க்க அது போதாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'எதைப் பற்றி' என்பதையும் 'ஆதரவா எதிர்ப்பா' என்பதையும் மட்டும் பிடித்து, ஒரு சொல்லுக்கு அடிக்கோடும் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறியும் போட அது போதும். மேலே உள்ள முதல் வாக்கியத்துக்கு 'விற்பனை', கழித்தல். ஐந்தாவதுக்கு 'சில நாள்', கூட்டல். விவாதத்தில் அதே சொல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது; விற்பனை என்று தாளில் இருந்தால் பேச்சில் 'ஜனங்க வாங்குவாங்க' என்றுதான் இருக்கும். தாளில் உள்ள அதே சொல் பேச்சில் பளிச்சென்று கேட்டால் சற்று எச்சரிக்கையாக இருப்பதுகூட நல்லது. வேறொருவர் வாயில் அதை வைத்திருக்கலாம்.

வாக்கியங்கள் பெரும்பாலும் பேச்சின் வரிசையிலேயே தாளில் இருக்கும். அதனால் ஒரு விரல் வாக்கியத்தின் மீதும் ஒரு கண் அடுத்த வாக்கியத்தின் மீதும் இருந்தால் இடம் தப்பாது. முதல் முறை கேட்கும்போது பென்சிலால் பெயரின் முதலெழுத்தைப் போடலாம். சந்தேகமுள்ள இடத்தில் இரண்டு எழுத்து. இரண்டாம் முறை அந்த இரட்டை எழுத்து இடங்களுக்கு மட்டும் முழுக் கவனம். எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கினால், முதலில் சரியாகப் போட்டதையும் மாற்றி வைப்போம்.

வீட்டில் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோதே இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் மாதிரித் தாளும் ஒலிப்பதிவும் பேச்சின் எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கின்றன. பலர் மாதிரித் தாளைப் போட்டுப் பார்த்து, எட்டுக்கு ஐந்து என்று எண்ணிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த மூன்று தவறும் எந்த வகை என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. ஒரே இரண்டு பேருக்குள் விடைகள் இடம் மாறியிருந்தால், அதுவும் அந்த இருவர் ஒரே பாலாக இருந்தால், குறை காதில். அடுத்தடுத்து மூன்று நான்கு தவறு தொடர்ச்சியாக இருந்தால் ஓரிடத்தில் தவறவிட்டு அதையே நினைத்துக்கொண்டு மீதியையும் விட்டிருக்கிறோம். தவறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, எழுத்து வடிவத்தில் பார்க்கும்போது 'இதை இவர்தானே சொன்னார்?' என்று இப்போதும் வாதாடத் தோன்றினால், குறை காதில் இல்லை, உடைமையைப் பிரிப்பதில் இருக்கிறது.

மருந்தும் வேறு வேறு. காதுக் குறைக்கு, கருத்தையே பார்க்காமல் ஒலிப்பதிவின் முதல் இரண்டு நிமிடத்தை ஓடவிட்டு, பேச்சு கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதிக்கொண்டே போகலாம். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடலாம். சொல் எதுவும் புரியாவிட்டாலும் இதைச் செய்ய முடியும். செய்யச் செய்ய ஜெர்மன் குரல்கள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். உடைமைக் குறைக்கு ஒலிப்பதிவே வேண்டாம். எழுத்து வடிவத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'தன்னுடையது', 'அடுத்தவருடையது', 'கேள்வி', 'மரியாதைக்கு' என்று நான்கில் ஒன்றை எழுத வேண்டும். கண்ணால் பிரிக்க முடியாததைக் காதால் பிரிக்க முடியாது. பயிற்சி வகுப்புகள் இதைச் செய்யச் சொல்லாமல் ஒலிப்பதிவை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டுவது எனக்குப் புரியாத ஒன்று. இடம் தப்பும் குறைக்கு ஒரே வழி, விட்ட வாக்கியத்துக்கு உடனே ஏதோ ஓர் ஊகத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. கழிவு மதிப்பெண் இல்லாதபோது காலியாக விடுவதில் என்ன லாபம்?

அடுத்த நிலையான பி2-இலும் இந்தப் பயிற்சி தொடர்கிறது. செவிலியர் வேலைக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது அந்த நிலை. அங்கேயும் வானொலிப் பேச்சு, அங்கேயும் மூன்று பேர், கேள்விகள் ஆறுதான். ஆனால் ஒரே ஒரு முறைதான் ஓட்டுவார்கள். குரலைப் பழக ஒரு சுற்று, விடை எழுத ஒரு சுற்று என்ற வசதி போய்விடுகிறது. அறிமுக அரை நிமிடத்திலேயே குரல் வேலையை முடித்தாக வேண்டும். பென்சிலும் இரட்டை எழுத்தும் அங்கே உதவாது. பி1-ஐ இரண்டாம் சுற்றை நம்பியே தாண்டியவர்கள் பி2-இல் இந்தப் பகுதியில் திகைப்பது இதனால்தான். பி1-க்குப் பயிலும்போதே சில ஒலிப்பதிவுகளை ஒரே முறை கேட்டு விடை போட்டுப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம்.

இந்தப் பயிற்சி எதைச் சோதிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேசுகிறவர்கள் ஒலிப்பதிவு அறையில் எழுதிவைத்ததைப் படிப்பவர்கள். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குகிறார், நெறியாளர் பெயர் சொல்லி அழைக்கிறார். உண்மையான பேச்சில் அப்படி ஒழுங்கு கிடையாது. பத்து மொழிகளில் கேள்வி-பதில்களை அளந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிதான் இருக்கிறது. அதிலும் பல நேரம் ஒருவர் மேல் ஒருவர் பேசிவிடுகிறார்கள். ஜெர்மன் மருத்துவமனையில் இரவு ட்யூட்டிக்காரர் பகல் ட்யூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது மூன்று நான்கு பேர் நின்றபடியே பேசுவார்கள், வட்டார வழக்கும் கலந்திருக்கும். நோயாளிக்கு வலி குறைந்துவிட்டது என்றது மருத்துவரா, நோயாளியே சொன்னதை இன்னொரு செவிலியர் எடுத்துச் சொன்னாரா என்று அங்கேயும் பிரித்தாக வேண்டும். தாளும் கட்டமும் அங்கே கிடையாது. ஆனால் தேர்வில் இல்லாத ஒரு வசதி உண்டு: புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம். 'வேர் ஹாட் டாஸ் கெஸாக்ட்?', அதை யார் சொன்னது என்று.